ஒத்தை ஆளாகப் படம் எடுக்கலாமா?



ஆவணப்படம் என்றால் கேமராவுக்கு ஒருத்தர், ஒலிக்கு ஒருத்தர், சாமான்களைப் பாத்துக்க ஒருத்தர் என்று நினைக்கிறோம். செல்போன், சின்ன முக்காலி, சட்டையில் குத்தும் மைக், காதுக்கருவி இருந்தால் ஒரு பெண்ணே எடுக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வேலையையும் கவனிக்க முடியாது. அதனால் ஒலியையும் படச்சட்டத்தையும் முன்கூட்டியே சரிசெய்து வச்சுட்டு, படம் ஓடும்போது பேசுகிறவரை மட்டும் கவனிக்கணும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி, கரையில் கருவாடு காயவைத்து, சிதம்பரத்தில் விற்கும் ஓர் அக்காவைப் படம் எடுப்பதாக வச்சுக்குவோம்.

முதலில் ஒலி

துறைமுகத்தில் ஏலச் சத்தம், படகு இன்ஜின், ஐஸ் உடைக்கும் மெஷின் எல்லாம் சேர்ந்து பேச்சை அமுக்கிவிடும். அங்கே வேலையை மட்டும் எடுங்கள். பேட்டியைக் கருவாடு காயும் இடத்தில் வச்சுக்குங்க.

மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். முந்தானை அதன்மேல் உரசினால் சரசரவென்று கேட்கும். ரவிக்கையில், சேலை படாத பக்கமாகக் குத்தி, மேலே பஞ்சு உறை போடுங்கள்.

அடுத்தது காற்று. கடலூரில் பெரும்பாலும் காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறினதும் கடல்காற்று பலமாகும். காற்று வரும் பக்கம் அக்காவின் முதுகு இருக்கட்டும். உடம்பே மைக்குக்கு மறைப்பாகும். காலையில் அப்படி உட்கார்ந்தால் முகம் கடலைப் பாத்திருக்கும், சூரிய வெளிச்சமும் முகத்தில் விழும். கண் கூசினால் கொஞ்சம் திருப்பி உட்காரவைங்க. மழைக்காலத்தில் காற்றின் திசை மாறும். முந்தானை எந்தப் பக்கம் பறக்குது என்று பாத்தாலே தெரிந்துவிடும்.

30 விநாடி பேசவைத்துப் பதிவு செய்து, காதுக்கருவியில் கேளுங்கள். படபடவென்று அடித்தால் அது காற்று, சரசரத்தால் துணி. இதைப் பிறகு சரிசெய்வது கஷ்டம். அப்பவே இடம் மாத்துங்க. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். படத்தை வெட்டி ஒட்டும் இடங்களில் சத்தம் திடீரென்று அறுந்துபோகாமல் இருக்க இது உதவும்.

அடுத்து சட்டம்

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில், தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கப் பெண்கள் பல வருஷமாக வீடியோ எடுக்கிறார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் காட்சிக்கு அவர்கள் வைத்த பேர் 'பட்டேல் ஷாட்', பண்ணையார் பார்க்கும் பார்வை. கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பது 'அடிமை ஷாட்'. கண்ணுக்குக் கண் நேராக இருப்பது 'சங்கம் ஷாட்', ஏன்னா சங்கத்தில் எல்லாரும் சமம்.

நமக்கும் சங்கம் ஷாட்தான் வேணும். அக்கா தரையில் உட்கார்ந்தால் முக்காலியையும் அவர் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். போனைப் படுக்கை வாட்டில் வச்சு, நெஞ்சிலிருந்து தலைவரை கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். அக்கா முன்னால் சாய்ந்தாலும் சட்டத்தை விட்டு வெளியே போகமாட்டார். திரையில் அவர் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் மாறாமல் நிற்கும். பிறகு போனை ஒட்டி நீங்கள் உட்காருங்கள். அக்கா உங்கள் முகத்தைப் பாத்துப் பேசட்டும்.

வேலையை எடுக்கும்போது தூரக் காட்சி, நடுக் காட்சி, கைகள் மட்டும் என்று மூன்று எடுங்கள். ஒவ்வொன்றையும் 10 விநாடியாவது ஆட்டாமல் பிடியுங்கள்.

சாமான் பத்திரம்

மணலில் முக்காலி சாயும். நடுவில் ஒரு கனமான பையைத் தொங்கவிடுங்கள். முக்காலியை விட்டுத் தள்ளிப் போனால் போனைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்க. வெயிலில் போன் சூடேறிப் பதிவு நின்றுவிடும், அதனால் குடை பிடியுங்கள். அழைப்பு வந்தாலும் பதிவு நிற்கலாம். விமானப் பயன்முறையில் போடுங்கள்.

சிதம்பரம் பஸ்ஸில் பை மடியில் இருக்கட்டும், மேல் தட்டில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உப்புக்காற்று பட்ட போனை லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊதித் தள்ளுங்க. அப்படியே துடைச்சா கீறல் விழும். முக்காலியின் காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவு நிறைய இடம் பிடிக்கும். புறப்படும் முன்பே இடம் இருக்கா என்று பாருங்கள். அன்று இரவே எடுத்ததை இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைங்க. இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் போனில் உள்ளதை அழிக்கணும்.