கீழடிக் கரித்துண்டின் வயது

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் இரண்டு எண்கள் உண்டு. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580. அதற்கு மேலே, 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்ததன் காலம் கி.மு. 205. இந்த ஆண்டுகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். உயிர் போனதும் வரவு நிற்கிறது. உள்ளே இருப்பது சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. மிச்சத்தை அளந்தால், அந்த மரம் இறந்து எவ்வளவு காலமாயிற்று என்பது தெரியும். இப்போது சில மில்லிகிராம் கரி போதும். தொட்டால் இன்றைய கார்பன் ஒட்டிவிடும் என்பதால் கைபடாமல் எடுத்து அலுமினியத் தாளில் பொதிகிறார்கள். கீழடி மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்குப் போயின.

ஆனால் ஆய்வகம் சொல்வது கரியின் வயதைத்தான், ஊரின் வயதை அல்ல. அதனால்தான் அகழாய்வாளர் குழியின் சுவரை அவ்வளவு பொறுமையாகப் படிக்கிறார். கலையாத மண்ணில் அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. பின்னாளில் யாரோ உறைகிணறு தோண்டியிருந்தால் மேல்மண்ணும் அதிலிருந்த கரியும் கீழே போயிருக்கும். சுவரில் நிறம் மாறி, அடுக்குகளை அறுத்துக்கொண்டு இறங்கும் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் எடுத்த கரியின் வயது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஆகவே மர வளையங்களைக் கொண்டு கணக்கைத் திருத்துகிறார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தத் திருத்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. நூற்றாண்டுகள் இடைவெளியுள்ள இரண்டு கரிகள் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். கி.மு. 580 விழுவது சரியாக அந்த இடத்தில்தான். எனவே அதைத் தனி ஓர் ஆண்டாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

இங்கே பானை ஓடுகள் கைகொடுக்கின்றன. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலரிடம் கார்பன் முறை இல்லை. அது பிறந்ததே 1949இல்தான். இத்தாலியில் செய்த அரிட்டைன் என்னும் சிவப்புக் கலத்தின் காலம் அங்கே ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அவர் காலம் குறித்தார். கீழடியிலும் கிடைத்துள்ள, உட்புறம் புள்ளி வரிசைகள் பதித்த ரௌலட்டட் கலம் அவற்றில் ஒன்று. ரௌலட்டட் கலம் வீலர் நினைத்ததைவிட முந்தியது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதை அளவுகோலாக வைத்த மற்ற ஊர்களின் கணக்கையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

கீழடி அறிக்கையும் ஒரே ஆண்டோடு நிற்கவில்லை. காலம் தெரிந்த அடுக்குகளுக்குக் கீழேயும் மேலேயும் மண்படிவு இருப்பதைக் கணக்கில் கொண்டு, அந்தக் குடியிருப்பைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை என்று வகுத்திருக்கிறது.