வருக என்பதை எந்த நடையில் எழுதுவது?

திருப்பதியில், தாம் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஐந்தாறு அறைகள் கட்டி யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. விருந்தினர் வாசலுக்கு வரும் முன்பே, முன்பணம் செலுத்தியவுடன், வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு ஒரு வரவேற்புச் செய்தி போகிறது. அதனை அலுவலகக் கடிதம் போல எழுதுவதா, உறவினருக்கு எழுதுவது போல எழுதுவதா என்பது சிறிய ஐயமாகத் தோன்றலாம். ஆனால் வாடகைத் தகராறுகள் சில அச்செய்தியின் ஒற்றை வரியிலிருந்தே தொடங்குகின்றன.

ஆறு அறைகள் கொண்ட ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவர் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். மனைவி விருந்தினரைக் கவனிக்கிறார். கணவர் எழுதும் செய்தி இவ்வாறு அமையும்: "மதிப்பிற்குரிய விருந்தினருக்கு, தங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது. அடையாளச் சான்று கட்டாயம். வெளியேறும் நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும்." மனைவி எழுதினால், "வாங்க, வாங்க! நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. எப்ப வேணும்னாலும் வரலாம், எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றிருக்கும்.

முதல் செய்தியில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அது சுவரில் ஒட்டிய அறிவிப்புப் பலகையைப் போல ஒலிக்கிறது. 'கட்டாயம்', 'கடைப்பிடிக்கவும்' என்னும் முடிவுகளே அதற்குக் காரணம். அவை பொதுமக்கள் அனைவரையும் ஒருசேர நோக்கிச் சொல்பவை. மேலும், 'வெளியேறும் நேரம்' என்று கூறிவிட்டு அது எந்த நேரம் என்பதைக் கூறவில்லை. கண்டிப்பு இருக்கிறது, தகவல் இல்லை.

இரண்டாவது செய்தியில் அன்பு இருக்கிறது. அதிலுள்ள சிக்கல், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்குறுதியாக இருப்பதே. 'எப்ப வேணும்னாலும்' என்பதை நம்பி நள்ளிரவு 2 மணிக்கு வந்து இறங்கும் குடும்பம், பூட்டிய வாயிலின் முன் நிற்க நேரும். 'எல்லாம் பார்த்துக்கிறோம்' என்பது இன்னும் ஆபத்தானது. திருப்பதியில் அந்தச் சொற்களுக்குத் தரிசன ஏற்பாடும் சேர்த்து என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டைத் தேவஸ்தானத்தின் இணையதளத்தில் யாத்திரிகரே தம் அடையாள விவரங்களுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும். அறை வாடகைக்கு விடுபவர் அதற்குப் பொறுப்பேற்பது போல எழுதினால், இடைத்தரகர் என்ற ஐயத்திற்கும் இடமாகிவிடும்.

ஆகவே இரண்டு நடைகளுள் ஒன்றை முழுவதுமாகத் தேர்ந்தெடுப்பதைவிட, செய்தியின் எந்தப் பகுதிக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே சரி. பணம், நேரம், அடையாளச் சான்று ஆகிய மூன்றும் முறையான நடையில், எண்களோடு இருக்க வேண்டும். வழி, வெந்நீர், உணவு, களைப்பு ஆகியவற்றைச் சொல்லும் இடத்தில் கனிவு வரலாம். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதே குழப்பம் தரும். 'கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, ஆனால் கூடுதல் வாடகை உண்டு' என்று எழுதினால், படிப்பவர் முற்பாதியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வார்.

நேரத்தைப் பற்றிய வரியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். திருப்பதி விடுதிகள் பலவற்றில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாளாகக் கணக்கிடப்படுகிறது. வெள்ளி இரவு 10 மணிக்கு அறை எடுத்தவர் சனி காலை மலைக்குச் சென்று, வரிசையில் நின்று, இரவு 11 மணிக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டாம் நாள் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவரோ, இரண்டு இரவில் ஒன்றைக்கூட முழுதாகத் தூங்காத களைப்பில் இருப்பார். 'ஒரு நாள் வாடகை' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நேரத்தில் விவாதம் எழுவது உறுதி. "வெள்ளி இரவு 10 மணி முதல் சனி இரவு 10 மணி வரை ஒரு நாள் வாடகை" என்று அவருடைய நாளையும் நேரத்தையும் இட்டு எழுதிவிட்டால் சர்ச்சைக்கு இடமில்லை. அதன் அடுத்த வரியில் கனிவு வரட்டும்: "மலையிலிருந்து இறங்கத் தாமதமாகும் எனத் தோன்றினால், அறையைக் காலி செய்து, பெட்டிகளைக் கீழ்க்கூடத்தில் வைத்துச் செல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை." 'நம் வீடு போல' என்று பத்து முறை எழுதினாலும் இந்த ஒரு வரி தரும் ஆறுதலைத் தராது.

சித்தூரில் இதே வரியை வேறு விதமாக எழுத நேரும். சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசிக்க வருவோரும் திருமணத்திற்கு வருவோரும் பெரும்பாலும் ஓரிரவே தங்குவர். அவர்களுக்கு 'மறுநாள் நண்பகல் 12 மணி வரை' என்பது எளிதில் விளங்கும்.

இனி, விளிக்கும் முறை. இப்பகுதிக் குடும்பங்கள் பல தெலுங்கிலும் தமிழிலும் பேசுபவை. தெலுங்கில் 'ரண்டி' என்ற ஒரே சொல் எழுத்திலும் பேச்சிலும் நிற்கும். மரியாதையும் நெருக்கமும் அதில் சேர்ந்தே உள்ளன. தமிழில் 'வாருங்கள்' எழுத்துக்கு, 'வாங்க' பேச்சுக்கு என்று பிரிந்திருக்கிறது. 'தாங்கள்' என்றால் விலகி நிற்கிறது. 'வாங்க' என்றால், முகம் அறியாத முதியவருக்குச் சற்று உரிமை மிகுந்துவிடுகிறது. 'நீங்கள்', 'வாருங்கள்' என்பவை இடையில் நிற்கும் நல்ல வடிவங்கள். 'அண்ணா', 'அக்கா' என்பவற்றை நேரில் வைத்துக்கொள்ளலாம். சென்னையில் இருக்கும் மகன் பதிவு செய்து, அச்செய்தியை ஊரிலிருந்து புறப்படும் பெற்றோருக்கு அனுப்பிவைப்பது வழக்கம். மகனுக்கு எழுதிய 'அண்ணா'வை எழுபது வயதுத் தந்தை படிக்கிறார்.

பணம் பற்றிய பகுதியில் நடையைத் தளர்த்தவே கூடாது. யு.பி.ஐ. மூலம் செலுத்தும்போது திரையில் தோன்றுவது வங்கிக் கணக்கு உரிமையாளரின் பெயர். கணக்கு மனைவியின் பெயரில் இருந்து, பலகையில் இல்லத்தின் பெயர் இருந்தால், விருந்தினர் தயங்குவது இயல்பு. எந்தப் பெயர் தோன்றும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். யாத்திரிகர்களைக் குறிவைக்கும் போலி இணையதளங்கள் உள்ள நிலையில், அந்த வரியே இருவருக்கும் பாதுகாப்பு. முன்பணம் திருப்பித் தரப்படும்போது பின் எண் கேட்கப்படாது என்பதையும் சேர்த்து எழுதுவது நலம். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை.

இவற்றைச் சேர்த்தால் செய்தி இவ்வாறு அமையும்:

"வணக்கம். உங்கள் முன்பணம் 500 ரூபாய் கிடைத்தது. வெள்ளி இரவு 10 மணி முதல் சனி இரவு 10 மணி வரை ஓர் அறை உங்கள் பெயரில் உள்ளது. மீதி 1,000 ரூபாயை வந்தபின் செலுத்தலாம். திரையில் என் மனைவியின் பெயர் தோன்றும், வேறு பெயர் தோன்றினால் செலுத்த வேண்டாம். தங்கும் பெரியவர்கள் அனைவரின் அடையாளச் சான்றும் தேவை. தரிசனச் சீட்டு எங்கள் பொறுப்பில் இல்லை. இரவு 11 மணிக்கு மேல் வருவதானால், ரயிலில் ஏறியதும் ஒரு வரி அனுப்புங்கள். விழித்திருந்து கதவைத் திறப்போம். காலை 4 மணி முதல் வெந்நீர் இருக்கும். படியேற இயலாதவர் உடன் வந்தால் சொல்லுங்கள், தரைத்தள அறையை ஒதுக்குகிறோம்."

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருபவருக்கு இன்னொரு வரி வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவிப்பது விடுதியாரின் சட்டக் கடமை. 'கடவுச்சீட்டு கட்டாயம்' என்பதைவிட, அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று எழுதினால் போதும்.

செய்தி சரியாக அமைந்ததா என்பதைத் தொலைபேசியே சொல்லிவிடும். செய்தி போன பிறகும் 'எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்?' என்று மூவர் கேட்டால், நேரத்தைச் சொல்லும் வரியைத் திருத்த வேண்டும். யாருமே எதையும் கேட்காமல், வந்தபின் முகம் சுளித்தால், கனிவான வரிகளை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றுள் ஏதோ ஒன்று, நீங்கள் எண்ணாத வாக்குறுதியைத் தந்திருக்கும்.