நான்கு இணைப்பில் ஒரே கோப்பு

வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. வேகம் அளந்து பார்த்தால் முழுசாக வருகிறது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து 6 ஜிபி வீடியோவை இறக்கினால் நொடிக்கு 2 மெகாபைட்டைத் தாண்ட மறுக்கிறது. பலரும் உடனே இணைய நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் தூரம்தான்.

சர்வர் கொஞ்சம் தரவை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்தபிறகுதான் அடுத்ததை அனுப்பும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு அரை மெகாபைட் அனுப்பினால், நொடிக்கு 2 மெகாபைட்தான் கிடைக்கும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் சர்வர் வேகத்தை இன்னும் குறைத்து, பிறகு மெல்ல மெல்லத்தான் ஏற்றும். உங்கள் இணைப்போ நொடிக்கு 12.5 மெகாபைட் வரை கொண்டுவரக் கூடியது. பெரும்பகுதி சும்மா கிடக்கிறது.

தீர்வு, அதே கோப்பை ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் துண்டு துண்டாகக் கேட்பது. 1997-ல் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறையிலேயே இதற்கு இடம் உண்டு. "இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனையாவது பைட் வரை கொடு" என்று கேட்கலாம். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும். 600 கோடி பைட் கொண்ட நம் வீடியோவை நான்காகப் பிரித்தால் முதல் துண்டு 0-1499999999, அடுத்தது 1500000000-2999999999, இப்படியே போகும். ஒவ்வொரு இணைப்பும் 2 மெகாபைட் கொண்டுவந்தால் மொத்தம் 8. ஐம்பது நிமிட வேலை பன்னிரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு இணைப்பில் பாக்கெட் தொலைந்தாலும் மற்ற மூன்றும் தம் வேகத்தில் ஓடும்.

சர்வர் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. `Accept-Ranges: bytes` என்று அது சொல்வதை மட்டும் நம்பாமல், முதல் நூறு பைட்டைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. லினக்ஸிலோ மேக்கிலோ இப்படி:

```
curl -sL --http1.1 -r 0-99 -D - -o /dev/null --max-time 10 https://example.org/film.mp4
```

பதிலில் இந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள்:

```
HTTP/1.1 206 Partial Content
Content-Range: bytes 0-99/6000000000
```

206 வந்தால் துண்டாகத் தருகிறது என்று அர்த்தம். கோப்பின் மொத்த அளவும் அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும். 200 வந்தால், நீங்கள் கேட்ட எல்லையைக் காதில் வாங்காமல் முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கிவிட்டது. அந்தச் சர்வரிடம் பல இணைப்பு போடுவதில் பயனில்லை.

இறக்குவதற்கு இலவச மென்பொருளான `aria2c` போதும்:

```
aria2c -x 4 -s 4 https://example.org/film.mp4
```

இங்கே பலர் தடுமாறுவார்கள். `-s` என்பது எத்தனை துண்டு, `-x` என்பது ஒரு சர்வருக்கு அதிகபட்சம் எத்தனை இணைப்பு. `-x` போடாவிட்டால் அது 1 என்றே எடுத்துக்கொள்ளும். `-s` எவ்வளவு கொடுத்தாலும் வேகம் ஏறாது. ஓடும்போது திரையில் `CN:4` என்று தெரிகிறதா என்று பாருங்கள். `CN:1` என்றே நின்றால் கோப்பு பிரியவில்லை.

இன்னொன்று, கோப்பு தொடங்கியதுமே 6 ஜிபி என்று காட்டக்கூடும். அது வட்டில் முன்கூட்டியே பிடித்துவைத்த இடம். பக்கத்தில் `.aria2` என்று முடியும் சிறு கோப்பு இருக்கும்வரை வேலை முடியவில்லை. எந்தத் துண்டு எதுவரை வந்தது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் அதே கட்டளையை அதே ஃபோல்டரில் மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதை அழித்துவிடாதீர்கள். முடிந்தபிறகு, தளத்தில் `SHA-256` எண் கொடுத்திருந்தால் `sha256sum film.mp4` போட்டு ஒப்பிடுங்கள். துண்டுகளை ஒட்டியதில் ஒரு பைட் பிசகினாலும் எண் மாறிவிடும். வீடியோ ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், நடுவில் எங்கோ ஓரிடத்தில் படம் சிதறும்போதுதான் தெரியும்.

எத்தனை இணைப்பு வைக்கலாம்? நம் கணக்கில் ஆறு வைத்தாலே 12 மெகாபைட் வந்துவிடும். ஏழாவதுக்கு உங்கள் இணைப்பில் இடமே இல்லை. ஒற்றை இணைப்பிலேயே வேகம் முழுசாக வருகிறது என்றால் பிரிக்கவே வேண்டாம். `aria2c` பதினாறு வரை அனுமதிக்கிறது. ஆனால் அத்தனை போட்டால் சில சர்வர்கள் 429 அல்லது 503 என்று பதில் அனுப்பிக் கதவைச் சாத்திவிடும். நன்கொடையில் ஓடும் காப்பகங்களில் உங்களைப் போலவே வேறு பலரும் இறக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கெல்லாம் நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.