ஒரே கோப்பா, தனித்தனிப் படங்களா?

வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது என்று ஒரு வழக்கறிஞர் எட்டு ஸ்லைடுகளில் விளக்கம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஸ்லைடில் ஒரு சான்றின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. மற்ற ஏழிலும் பெரும்பாலும் எழுத்துதான். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் இந்தக் கேரூசலை லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் போட வேண்டும். வடிவமைத்து முடித்துச் சேமிக்கப் போனால் மென்பொருள் கேட்கிறது: பிடிஎஃப்பா, பிஎன்ஜியா, ஜேபிஜியா? கண்ணில் முதலில் படுவதை அழுத்திவிட்டு, ஏற்றிய பிறகு 'ஏன் மங்கலாக இருக்கிறது?' என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

பதிவு எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்விக்கு விடை. லிங்க்ட்இன்னில் கேரூசல் என்பது உண்மையில் ஓர் ஆவணம். எட்டுப் பக்கமும் அடங்கிய ஒரே பிடிஎஃப்பை ஏற்றினால், அதுவே பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கும்படி காட்டும். 100 எம்பி, 300 பக்கம் வரை ஏற்கும். அங்கேயே எட்டுப் படங்களைத் தனித்தனியாக ஏற்றினால் அவை கட்டம் கட்டமாக ஒட்டிய படத்தொகுப்பாகிவிடும். வரிசையாகப் படிக்க வைக்கும் நோக்கம் கெட்டுப்போகும். பவர்பாயின்ட் கோப்பையும் லிங்க்ட்இன் ஏற்கும் என்றாலும் தமிழ் எழுதியவர்கள் அதை நம்ப வேண்டாம். உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி உடையும். பிடிஎஃப்பில் எழுத்துருவும் கூடவே போய்விடும்.

இன்ஸ்டாகிராமுக்கு பிடிஎஃப் ஆகாது. தனித்தனிப் படங்கள்தான் வேண்டும். ஒரு பதிவில் 20 வரை போடலாம். முதல் படம் எந்த நீள அகல விகிதத்தில் இருக்கிறதோ, மற்றவையும் அதற்கேற்ப வெட்டப்படும். ஆகவே எட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 1080 பிக்சல் அகலம், 1350 பிக்சல் உயரம் இரண்டு தளங்களுக்கும் ஒத்துவரும். பவர்பாயின்டில் செய்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ஸ்லைடின் அகலத்தை 11.25 அங்குலம், உயரத்தை 14.06 அங்குலம் என்று வைத்துவிட வேண்டும். அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கில் அது 1080-க்கு 1350 ஆகும். கடைசியில் மாற்றினால் எல்லாம் இடம் பெயரும்.

கூர்மை பற்றிப் பேசும்போது '300 டிபிஐ இருக்கிறதா?' என்று கேட்பது அச்சகப் பழக்கம். திரைக்கு அந்த எண் பொருட்டே இல்லை. எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. 1080-ஐவிட அகலமாக அனுப்பினாலும் இன்ஸ்டாகிராம் பொதுவாக அதைச் சுருக்கித் தன் வழியில் மறுபடி அமுக்கும். நாமே சரியான அளவில் கொடுத்துவிட்டால் அந்தச் சுருக்கும் வேலையாவது அதற்கு மிச்சம்.

இப்போது அந்த ஐந்தாவது ஸ்லைடுக்கு வருவோம். சான்றின் ஒரு சிறு பகுதியை, 400 பிக்சல் அகலத்துக்கு வெட்டி, ஸ்லைடு முழுக்க வருமாறு இழுத்திருக்கிறார். ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஏழு பிக்சலின் இடத்தை நிரப்ப வேண்டிய நிலை. இதை எந்த உயர்ந்த தரத்தில் சேமித்தாலும் தெளிவு வராது. மூலத்தில் இல்லாததை ஏற்றுமதி உண்டாக்காது. சான்றின் பிடிஎஃப்பைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியே 1000 பிக்சலுக்குக் குறையாமல் வரும்படி புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான் ஒரே வழி.

எழுத்து மிகுந்த ஸ்லைடுகளுக்கு பிஎன்ஜி நல்லது. அது எதையும் இழக்காமல் சேமிக்கும். ஜேபிஜி புகைப்படத்துக்கு உருவானது. எழுத்தின் விளிம்பில் அது சாம்பல் பொடி தூவினாற்போல் அழுக்கு விடும். நிறங்களை வழக்கமாகப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிப்பதால், கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இன்னும் மோசமாகக் கசியும். தமிழில் முதல் பலி புள்ளிதான். 'விற்றார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ற் மேலும் ர் மேலும் உள்ள புள்ளிகள் பின்னணியோடு கரைந்துவிட்டால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். கைபேசித் திரையின் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர் என்றால், 24 பிக்சல் உயர எழுத்து அங்கே ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதில் புள்ளி எவ்வளவு இருக்கும்! படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அந்த அளவில் எழுதியது எழுதியதாகாது.

ஆக, ஏற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. சேமித்த படத்தைக் கணினியில் திறந்து 100 விழுக்காட்டில் வையுங்கள். திரைக்கு அடங்கும்படி சுருக்கிப் பார்த்தால் குறை ஒளிந்துகொள்ளும். மிகச் சிறிய எழுத்துள்ள ஸ்லைடையும் படமுள்ள ஸ்லைடையும் பார்த்தால் போதும்; மற்றவை தாமாகத் தேறும். பிறகு கோப்பின் பண்புகளில் பிக்சல் அளவையும் எடையையும் பாருங்கள். எழுத்து மட்டும் உள்ள பிஎன்ஜி பெரும்பாலும் சில நூறு கேபியில் முடிந்துவிடும். முழுப் புகைப்படம் உள்ளது 2 எம்பியைத் தாண்டலாம், அதை மட்டும் உயர்தர ஜேபிஜியாக மாற்றலாம். புகைப்பட ஸ்லைடு வெறும் 60 கேபி என்று காட்டினால் எங்கோ அளவுக்கு மீறி அமுக்கியிருக்கிறது என்று பொருள்.

பிடிஎஃப்பில் தொல்லை எதிர்ப்பக்கம் இருந்து வரும். எழுத்து அதில் எழுத்தாகவே இருப்பதால் எடை குறைவு, படங்கள்தான் ஊதவைக்கும். கைபேசியில் எடுத்த 5 எம்பி படத்தை எட்டுப் பக்கத்திலும் அப்படியே வைத்தால் கோப்பு 40 எம்பியை நெருங்கலாம். தளம் ஏற்கும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவான இணையத்தில் பக்கம் திறக்கும் முன் ஆள் போய்விடுவார். படங்களை 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிறகு ஸ்லைடில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எடை மட்டும் பெருமளவு இறங்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, படங்களைக் கைபேசிக்கு மாற்ற வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்புகிறார்கள். அங்கேயே அமுக்கிவிடும். 'Document' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பெயர்களை 01, 02 என்று தொடங்கினால் வரிசையும் குழம்பாது.

ஆவணமாகப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அந்தச் சான்றில் உரிமையாளர் பெயரையும் சர்வே எண்ணையும் மறைக்க, மேலே ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்திருப்பார் நம் வழக்கறிஞர். பிஎன்ஜியில் கட்டமும் படமும் ஒன்றாகக் கலந்துவிடும். அடியில் எதுவும் மிஞ்சாது. பிடிஎஃப்பில் கட்டம் தனி, படம் தனி. தெரிந்தவர் கட்டத்தை நகர்த்தி அடியில் இருப்பதை எடுத்துவிடுவார். லிங்க்ட்இன்னில் ஆவணத்தைப் பார்ப்பவர் தரவிறக்கவும் முடியும். ஆகவே மறைக்க வேண்டியதைப் படத்திலேயே அழித்து, புதிய படமாகச் சேமித்த பிறகுதான் ஸ்லைடில் வைக்க வேண்டும்.

பதிவிட்ட பின் லிங்க்ட்இன்னில் ஆவணத்தை மட்டும் மாற்றிவைக்க வழியில்லை. பதிவையே நீக்கி மறுபடி போட வேண்டும். அதுவரை வந்த கருத்துகளும் அதோடு போய்விடும்.