கர்ப்ப காலச் சர்க்கரை: சோதனையும் சாப்பாடும்

நம் மஹல்லாவில் ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரிக்குச் சர்க்கரை 156 என்று வந்தது. "நம்ம வீட்டில் யாருக்கும் இல்லையேம்மா!" என்று திகைத்தார் மாமியார்.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் பரம்பரையில் இல்லாதவருக்கும் இது வரலாம். தாயின் கூடுதல் சர்க்கரை குழந்தைக்கும் போவதால், அது அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிரமமாகக்கூடும். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென இறங்கவும் வாய்ப்புண்டு.

சோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். அரசு மருத்துவமனை முறையில் வெறும் வயிறு கட்டாயமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். முதல் சோதனை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்வது அவசியம்.

அந்தச் சகோதரி காலையில் ஐந்து இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துச் சாப்பிட்டு வந்தார். மருத்துவர் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. பிரித்துச் சாப்பிடச் சொன்னார். இரண்டு இடியாப்பமும் முட்டைக் குழம்பும், பதினோரு மணிக்குச் சுண்டல், மதியம் ஒரு கப் சோற்றோடு மீனும் நிறையக் காய்கறியும், பழச்சாற்றுக்குப் பதில் கொய்யா.

இரண்டு வாரத்தில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 112. அது 120-க்குக் கீழே இருந்ததால் மருந்து தேவைப்படவில்லை. 120-ஐத் தொட்டிருந்தால் மாத்திரையோ இன்சுலினோ தந்திருப்பார்கள். அதற்காக மருமகளைக் குறை சொல்ல வேண்டாம்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி ஒரு சோதனை உண்டு. குழந்தை வந்த சந்தோஷத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.