கடிதம் இருக்கட்டும், சுமை இறங்கட்டும்

அண்ணன் அனுப்பிய கல்யாணப் படங்கள் 12 எம்பி. தண்டர்பேர்டில் அந்த மடலோ 16 எம்பிக்கு மேல் காட்டியது. மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்கவே உருவானது. படத்தையும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுவது அங்கேதான்.

இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து Detach கொடுத்தேன். படங்கள் நான் காட்டிய ஃபோல்டருக்குப் போயின. அண்ணன் எழுதிய நாலு வரி அப்படியே நின்றது. படங்கள் இருந்த இடத்தில் அவற்றின் புதிய முகவரி மட்டும் வந்தது. Save கொடுத்திருந்தால் நகல்தான் கிடைத்திருக்கும், இடம் மிச்சமாகியிருக்காது.

அஞ்சல்பெட்டி உடனே சுருங்கவில்லையே என்று பதற வேண்டாம். பழைய மடல் அழிந்ததாகக் குறிக்கப்படுமே தவிர, அந்த ஃபோல்டருக்கு Compact கொடுக்கும்வரை வட்டில் கிடக்கும். அதற்கு முன் வெளியே எடுத்த படங்களை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். Compact முடிந்தபின் அஞ்சல்பெட்டியில் தேடிப் பயனில்லை. படங்களைப் பிறகு வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் மடலிலுள்ள தொடுப்பு அறுந்துபோகும். டிஜிட்டல் கையொப்பமிட்ட மடல்களில் மட்டும் கை வைக்காதீர்கள். இணைப்பைக் கழற்றினால் உள்ளடக்கம் மாறிவிடும், கையொப்பமும் செல்லாது.