முறைப்பாடு இருக்கட்டும், குத்தல் வேண்டாம்

கண்டி நகரில் ஒரு சிறிய உதவி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போரில் தகப்பனை இழந்த 42 பிள்ளைகளுக்கு மாதந்தோறும் பஸ் செலவும் ரியூஷன் கட்டணமும் இங்கிருந்துதான் போகிறது. பெயர்ப்பட்டியல் கிளிநொச்சியில் இருக்கும் சக ஊழியரிடமிருந்து 5ஆம் திகதிக்குள் வரவேண்டும். 10ஆம் திகதியோடு கணக்குப் பிரிவு அந்த மாதக் கொடுப்பனவை மூடிவிடும்.

மார்ச்சில் பட்டியல் 9ஆம் திகதி வந்தது. ஏப்ரலில் 12ஆம் திகதி. அடுத்த நாளே புத்தாண்டு விடுமுறை, வங்கியும் பூட்டு. பணம் 18ஆம் திகதிதான் போய்ச் சேர்ந்தது. ஒரு தாய் தொலைபேசியில் எடுத்து, பஸ்ஸுக்குக் காசில்லாமல் மகள் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றார். மே 8ஆம் திகதியும் பட்டியல் வராதபோது நான் எழுதியது இது:

“தாங்கள் மிகுந்த வேலைப்பளுவில் இருப்பீர்கள் என்பதை அறிவேன். பலமுறை குறிப்பிட்டபடி பட்டியல் 5ஆம் திகதி வரவேண்டும். வழமைபோல் இம்முறையும் வரவில்லை. எனது மின்னஞ்சல்கள் தங்களுக்குக் கிடைப்பதில்லையோ தெரியவில்லை. நேரம் கிடைத்தால் அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் வாசிப்பவருக்குச் சுடும். அவரை நான் ‘அண்ணா’ என்றும் ‘நீங்கள்’ என்றும்தான் அழைப்பேன். திடீரென்று ‘தாங்கள்’ வந்தால் அது மரியாதை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வது. தமிழில் குத்தல் பெரும்பாலும் அளவுக்கு மீறிய மரியாதையில்தான் ஒளிந்திருக்கும். நினைத்ததை நேரே எழுதப் பயந்த காலத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கு இந்தச் சுற்றுவழி நன்றாகவே வரும்.

அனுப்புமுன் ஒவ்வொரு வசனத்தையும் ஒரே கேள்வியால் சோதித்தேன். இதில் நடந்த விடயம் இருக்கிறதா, அல்லது அவர் மனதைப் பற்றிய என் ஊகம் இருக்கிறதா? ‘வழமைபோல்’ என்பது அவரது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அந்த இடத்தில் இரண்டு திகதிகளைப் போட்டால் போதும். ‘கிடைப்பதில்லையோ’ என்பது பதில் எதிர்பார்க்காத கேள்வி, அது போகலாம். ‘பலமுறை குறிப்பிட்டபடி’ என்பதும் அப்படியே.

வெட்டிய பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். “பரவாயில்லை அண்ணா, முடிந்தபோது அனுப்புங்கள்” என்று எழுதினேன். குத்தல் போய்விட்டது, முறைப்பாடும் போய்விட்டது. இதை வாசிக்கும் அவருக்கு 10ஆம் திகதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. இன்னொன்றும் கவனித்தேன்: முதல் கடிதத்தில் இருந்த ‘நேரம் கிடைத்தால்’ உண்மையில் ஒரு திகதி இருக்கவேண்டிய இடம். குத்தலை எடுத்தால் அந்த இடத்தை வெறுமையாக விடமுடியாது. கடைசியில் போனது இது:

“அண்ணா, வணக்கம். மே மாதப் பட்டியல் இன்னும் வரவில்லை. மார்ச்சில் 9ஆம் திகதியும் ஏப்ரலில் 12ஆம் திகதியும் கிடைத்தது. ஏப்ரலில் 10ஆம் திகதி தவறியதால் 42 பிள்ளைகளுக்கும் பணம் விடுமுறைக்குப் பிறகே போனது. ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இது தொடரக்கூடாது. மே பட்டியலை நாளை பிற்பகல் 3 மணிக்குள் அனுப்புங்கள். முழுமையாகாவிட்டால் உறுதியான பெயர்களை மட்டும் அனுப்புங்கள். 5ஆம் திகதிக்கு அனுப்ப அங்கே என்ன தடை என்றும் சொல்லுங்கள்.”

‘இது தொடரக்கூடாது’ என்ற வசனத்தை எடுக்கச் சொல்லி பக்கத்து மேசைத் தோழி வற்புறுத்தினாள். நான் எடுக்கவில்லை. முறைப்பாடு அந்த இரண்டு சொற்களில்தான் நிற்கிறது. பணிப்பாளருக்கு பிரதி வைப்பதை மட்டும் விட்டேன். சொல்லாமல் வைக்கும் பிரதியும் ஒரு குத்தல்தான். மீண்டும் தவறினால் வைப்பேன், ஆனால் “பணிப்பாளருக்கும் அனுப்புகிறேன், ஏனென்றால் இது நான்காவது மாதம்” என்று கடிதத்திலேயே எழுதிவிட்டு.

அடுத்த நாள் மதியம் 36 பெயர்கள் வந்தன. மற்ற ஆறு பேருக்கும் கிராம அலுவலரின் உறுதிக் கடிதம் தேவை. அவர் அந்தப் பிரிவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார், அந்த ஆறுக்காகத்தான் முழுப் பட்டியலையும் பிடித்து வைத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். ஜூனில் 5ஆம் திகதி 37 பெயர்கள் வந்தன. மிச்சம் ஐந்தும் 8ஆம் திகதி. பணம் பிந்தவில்லை.